மாமனார் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். நாலு வயது மகள் இப்போது தூங்க மறுக்கிறாள். என்ன சொல்வது?

மொட்டைமாடி | மார்ச் 2, இரவு 11:50

எங்கே கேட்பது என்று தெரியாமல் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமனார் எங்களோடுதான் இருந்தார், வயது 68. பிரஷர் மாத்திரை தவிர வேறு எதுவும் கிடையாது. பிப்ரவரி 19 விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு என்றார் டாக்டர். என் மகளுக்கு நாலே கால் வயது. தினமும் காலையில் தாத்தாவை எழுப்புவது அவள் வேலை. கண்ணாடியை எடுத்துக்கொடுத்து, "எந்திரி, பேப்பர் வந்துடுச்சு" என்பாள். அன்றைக்கும் போனாள். திரும்பி வந்து, "தாத்தா எந்திரிக்க மாட்டேங்குறார், கை ஜில்லுன்னு இருக்கு" என்று எங்களிடம் சொன்னதே அவள்தான்.

அப்புறம் வீடு நிறைய ஆட்கள். யார் யார் என்ன சொன்னார்கள் என்று இப்போது யோசித்தால் தலை சுற்றுகிறது. நாத்தனார், "தாத்தா தூங்குறார்டா, சத்தம் போடாத" என்றாள். பக்கத்து வீட்டம்மா, "சாமிகிட்ட போயிட்டார்" என்றார். மாமியார், "நட்சத்திரமாயிட்டார் கண்ணு." என் கணவர், கேள்வி தாங்காமல், "ஊருக்குப் போயிருக்கார்." ஒரே நாளில் நாலு பதில்.

ஐஸ் பெட்டியில் வைத்திருந்ததைப் பார்த்தாள். "குளிராதா, போர்வை போடும்மா" என்றாள். மற்ற பேரப்பிள்ளைகளோடு அவள் கையிலும் நெய்ப்பந்தம் கொடுத்துச் சுற்றவைத்தார்கள். எடுக்கும் நேரத்தில் எதிர்வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, தாத்தாவும் இல்லை.

இப்போது அவள் தூங்குவதில்லை. கண் சொருகும்போது தானே கிள்ளிக்கொள்கிறாள். நான் அசந்தால் என் இமையை விரலால் தூக்கிப் பார்க்கிறாள். விட்டுப்போயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு கேட்டில் நிற்கிறாள், தாத்தா கடலை மிட்டாயோடு வரும் நேரம் அது. "சாமி எப்ப திருப்பி அனுப்பும்?" என்று கேட்கிறாள்.

இந்த வயதில் உண்மையைச் சொன்னால் புரியுமா? ஏற்கெனவே சொன்ன பொய்களை எப்படித் திரும்பப் பெறுவது?

---

பழைய பேருந்து | மார்ச் 3, காலை 6:15

ஆழ்ந்த அனுதாபங்கள். எனக்கு வயது 71. என் அனுபவத்தில், சின்னப் பிள்ளைகள் தானாகவே மறந்துவிடும். நீங்கள் கிளறக் கிளறத்தான் பெரிதாகும். எங்கள் காலத்தில் யாரும் உட்கார வைத்து விளக்கியதில்லை. சாமிகிட்ட போயிட்டார் என்றார்கள், சரி என்று விளையாடப் போனோம். அதையே சொல்லுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லையே?

---

ஆத்தங்கரை | மார்ச் 3, காலை 8:02

நெய்ப்பந்தம் பிடித்த குழந்தைக்குப் பயம் பிடிப்பது சகஜம். 16-ஆம் நாள் காரியம் முடியும்வரை குழந்தையை அந்த அறைக்குள் விடாதீர்கள். காரியத்துக்குக் குழந்தை வரலாமா என்று கேட்டால், பேத்திக்குத் தீட்டு கணக்கு உங்கள் வழக்கப்படி ஐயரிடமோ பண்டாரத்திடமோ கேட்டுக்கொள்ளுங்கள். மந்திரித்துக் கயிறு கட்டினால் தூக்கம் வந்துவிடும்.

---

மொட்டைமாடி | மார்ச் 3, காலை 8:40

@ஆத்தங்கரை கயிறு ஏற்கெனவே மாமியார் கட்டிவிட்டார். நான் கேட்டது அவளிடம் என்ன சொல்வது என்று.

---

நியூஜெர்சி அப்பா | மார்ச் 3, காலை 9:30

இங்கே செசமி ஸ்ட்ரீட் என்று குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர் உண்டு. அதில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தார். வேறு ஆளைப் போட்டிருக்கலாம், வெளியூர் போய்விட்டார் என்றும் கதை கட்டியிருக்கலாம். செய்யவில்லை. இறந்துவிட்டார் என்றே 1983 நவம்பரில் ஒரு பகுதி எடுத்தார்கள். பெற்றோர் வீட்டில் இருக்கட்டும் என்று நன்றி நவிலும் நாள் விடுமுறையில் ஒளிபரப்பினார்கள்.

அதில் பெரிய மஞ்சள் பறவை பொம்மை எல்லாரையும் படம் வரைந்து கொண்டுவந்து கொடுக்கும். ஹூப்பரின் படம் மட்டும் கையில் நிற்கும். அவர் இறந்துவிட்டார் என்று பெரியவர்கள் ஞாபகப்படுத்தினால், "சரி, திரும்பி வந்ததும் கொடுக்கிறேன்" என்று சொல்லும். உங்கள் மகள் கேட்டில் நிற்பதைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. திரும்பி வரமாட்டார் என்பதை அவர்கள் அந்த இடத்தில் நேராகச் சொல்வார்கள். ஆனால் நோய், ஆஸ்பத்திரி என்று காரணம் எதையும் சொல்லவில்லை. நீங்களும் காரணத்தைத் தொடாதீர்கள் என்பது என் கருத்து.

---

வேப்பம்பூ | மார்ச் 3, மதியம் 2:20

14 வருடமாக நோய்த்தணிப்புப் பிரிவில் ஆற்றுப்படுத்துநராக இருக்கிறேன். பெரியவர் ஒருவர் கடைசி நாட்களில் இருக்கும்போது வீட்டுப் பிள்ளைகளிடம் பேசுவது என் வேலையில் பாதி.

முதலில் அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். தாத்தா தூங்கினார், எழுப்பினேன், எழவில்லை. அத்தையும் தூங்குகிறார் என்றுதான் சொன்னாள். தூங்கியவரைப் பெட்டியில் போட்டார்கள், அப்புறம் காணவில்லை. அப்படியானால் தூங்கினால் காணாமல் போவார்கள். அவள் தன்னைக் கிள்ளிக்கொள்வதும் உங்கள் இமையைத் தூக்குவதும் பித்துக்குளித்தனம் இல்லை. கொடுத்த தகவலை வைத்துச் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறாள். தகவல்தான் தப்பு.

மற்ற மூன்றும் அதே மாதிரிதான். ஊருக்குப் போனவர் திரும்புவார், அதனால் கேட்டில் நிற்கிறாள். சொல்லாமல் போனாரே என்ற கோபமும் உள்ளே இருக்கலாம். சாமிகிட்ட போனவரைச் சாமி அனுப்பிவைக்க வேண்டும். நட்சத்திரத்துக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறாள் என்று நீங்கள்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த வயதில் புரியுமா என்ற கேள்விக்கு. மரியா நாகி என்ற ஹங்கேரி நாட்டு உளவியலாளர் குழந்தைகளிடம் இதையே கேட்டு 1948-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். அதிலும் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சாவை ஒரு பயணம் மாதிரி, தூக்கம் மாதிரித்தான் சொன்னார்கள். இறந்தவர் வேறெங்கோ கொஞ்சம் கம்மியான உயிரோடு இருக்கிறார் என்ற எண்ணம். ஐஸ் பெட்டிக்குள் குளிரும் என்று உங்கள் மகள் சொன்னது அதுவேதான். உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி குளிரவும் செய்யாது, இனி திரும்பவும் முடியாது. இதெல்லாம் அவளுக்கு ஒரே நாளில் ஏறாது. ஐந்து, ஆறு, ஏழு என்று வயது கூடக்கூடத்தான் கெட்டிப்படும். அதற்காகச் சொல்லாமல் விடலாம் என்று அர்த்தமில்லை. பின்னால் புரிகிறபோது உதவும்படி இன்றைக்குச் சரியான சொல்லைக் கொடுத்துவைக்கிறோம், அவ்வளவுதான்.

@நியூஜெர்சி அப்பா, தொலைக்காட்சிக்காரர்கள் காரணத்தைத் தவிர்த்தது சரிதான். பார்க்கிற லட்சக்கணக்கான பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாத்தா ஆஸ்பத்திரியில் இருப்பாரோ. ஆனால் வீட்டில் அது ஆகாது. இங்கே குழந்தை ஒரு காரணத்தை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறாள், தூக்கம் என்று. அதை எடுத்துவிட்டு உண்மையான காரணத்தை வைக்காவிட்டால் பழையதே திரும்பி வந்து உட்காரும்.

---

மொட்டைமாடி | மார்ச் 3, மாலை 4:05

நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். ஆனால் எனக்கு இரண்டு முட்டு இருக்கிறது.

ஒன்று, சொல். செத்துப்போயிட்டார் என்று நான் ஆரம்பித்ததுமே மாமியார் எழுந்து போய்விட்டார். "அவர் என்ன கரப்பான் பூச்சியா?" என்று கேட்டார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது, அவர் தூக்கத்தில்தான் இறந்தார். தூக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எப்படிச் சொல்வேன்? அவளே பார்த்திருக்கிறாளே.

---

நாலாம் சந்து | மார்ச் 3, மாலை 5:30

என்னைக் கேட்டால் முழு அறிவியலையும் சொல்லிவிடுங்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு அடைத்தது, தசை செத்தது, துடிப்பு நின்றது. என் பையனுக்கு ஆறு வயதில் இதயம் வேலை செய்யும் வீடியோ காட்டினேன், அசந்துவிட்டான். எரியூட்டியதையும் மறைக்காதீர்கள். மின்மயானத்துக்கே கூட்டிப்போய்க் காட்டலாம். பிள்ளைகளை நாம்தான் பலவீனமாக்குகிறோம்.

---

வேப்பம்பூ | மார்ச் 3, இரவு 9:45

@மொட்டைமாடி, சொல்லில் ஆரம்பிக்கிறேன். நம் மொழியில் சாவுக்கு நேரான சொல் இரண்டே இரண்டுதான் வீட்டில் புழங்குகிறது. மற்றதெல்லாம் மரியாதைக்காகச் சுற்றி வளைப்பது. காலமானார், தவறிட்டார், இறைவனடி சேர்ந்தார். போயிட்டார் என்று மொட்டையாகச் சொல்வதும் உண்டு. பெரியவர்களுக்கு இவை அழகு. நாலு வயதுக்குத் தவறிட்டார் என்றால் எங்கே விழுந்தார் என்று தேடும். பாடி என்கிறோமே, அதைவிட மோசம். "பாடியை எப்ப எடுக்கிறீங்க" என்று கேட்டவரிடம் ஒரு பையன், "அப்ப தலையை?" என்று கேட்டான். நானே காதால் கேட்டது.

உங்கள் மாமியாருக்காக இறந்துட்டார் என்றே சொல்லுங்கள். மரியாதைக்கும் குறைவில்லை, வேறு அர்த்தமும் இல்லை. ஆனால் அந்தச் சொல் அவளுக்குப் புதிது. செத்துப்போவது என்பது எறும்பிலும் பல்லியிலும் ஏற்கெனவே தெரியும். அதனால் ஒரே ஒரு தடவை, "எறும்பு செத்துப்போனா அப்புறம் நகராதுல்ல? மனுஷங்களுக்கு அதை இறந்துட்டாங்கன்னு சொல்லுவோம்" என்று பாலம் போட்டுவிட்டு, அப்புறம் இறந்துட்டார் என்பதையே பிடித்துக்கொள்ளுங்கள். மாமியார் இல்லாத நேரத்தில் வேண்டுமானால்.

தூக்கம் பற்றி. நீங்கள் மறுக்க வேண்டியதில்லை, பிரித்துக் காட்டினால் போதும். நான் சொல்வதாக இருந்தால் இப்படிச் சொல்வேன்:

"தாத்தா இறந்துட்டார். அவரோட நெஞ்சுக்குள்ள இதயம்னு ஒண்ணு இருக்கு, டப் டப்னு அடிக்கும். அது ரொம்ப ரொம்பப் பழுதாகி நின்னுபோச்சு. டாக்டராலயும் சரிபண்ண முடியலை. இதயம் நின்னா மூச்சும் நின்னுடும், உடம்பு மொத்தமும் நின்னுடும். அது நிக்கும்போது ராத்திரி, அதனால தாத்தா படுத்திருந்தார். பகல்ல நின்னிருந்தா நாற்காலியில உட்கார்ந்திருக்கும்போது இறந்திருப்பார். தூங்கினதால இறக்கலை. தூங்குறதால இதயம் நிக்காது, அடிச்சுக்கிட்டே இருக்கும். இந்தா, கேட்டுப் பாரு."

என்று சொல்லிவிட்டு அவள் கையை உங்கள் நெஞ்சில் வையுங்கள். அப்பா குறட்டை விடும்போது அவர் நெஞ்சிலும் வைத்துக் காட்டுங்கள். தூங்கும் ஆளிடம் டப் டப் கேட்கிறது, மூச்சு வருகிறது, கை சூடாக இருக்கிறது. தாத்தாவின் கை ஜில்லென்று இருந்ததை அவளே கண்டுபிடித்தாளே, அது இங்கே உங்களுக்குப் பெரிய உதவி.

அதில் "ரொம்ப ரொம்ப" என்பதை விட்டுவிடாதீர்கள். உடம்பு சரியில்லாமல் இறந்தார் என்று மட்டும் சொன்னால், அடுத்த வாரம் உங்களுக்குச் சளி பிடித்தால் அவள் ஒடுங்கிவிடுவாள்.

@நாலாம் சந்து, மறைக்காதே என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். அளவில்தான் வேறுபாடு. குழாய், கொழுப்பு எல்லாம் ஆறு வயதில் ஆர்வமுள்ள பையனுக்குச் சரி. இவளுக்கு நாலு வரி. அதற்குமேல் அவள் கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில்.

சொன்ன பொய்க்கு, "அன்னிக்கு நாங்க எல்லாரும் அழுதுட்டு இருந்தோம், உனக்குத் தப்பாச் சொல்லிட்டோம். தாத்தா ஊருக்குப் போகலை" என்று நேராகச் சொல்லிவிடலாம். கணவரே சொன்னால் நல்லது, சொன்னவர் அவர்தான்.

---

பனங்கிழங்கு | மார்ச் 3, இரவு 11:10

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், இப்ப கனடாவில். எனக்கு ஐந்து வயதில் அப்பா இருதய வருத்தத்தில் செத்தவர். "அப்பா கொழும்புக்குப் போயிருக்கிறார், கெதியா வருவார்" என்று அம்மம்மா சொன்னவா. அம்மா பாவம், வாயே திறக்கவில்லை. நான் ஒவ்வொரு பின்னேரமும் பஸ் வரும் ஒழுங்கையில் போய் நின்றேன். எட்டு வயதில் வகுப்பில் ஒரு பிள்ளை, "உன்ர அப்பா செத்தவர்தானே" என்று சாதாரணமாகச் சொன்னது. எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

அப்பா இல்லாததை நான் எப்படியோ பழகிவிட்டேன். மூன்று வருசம் என்னை அந்த ஒழுங்கையில் நிற்க விட்டார்களே என்பதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. அம்மம்மா அன்பில்தான் சொன்னவா என்று விளங்குகிறது. விளங்கியும் ஆறவில்லை.

---

பழைய பேருந்து | மார்ச் 4, காலை 6:05

@பனங்கிழங்கு அம்மா, படித்தேன். மனசு கனத்துவிட்டது.

ஆனாலும் ஒன்று. நான் சிறுவனாக இருந்தபோது யாரும் விளக்கவில்லை என்றேன். யோசித்துப் பார்த்தால், விளக்கத் தேவையும் இல்லை. திண்ணையில் கிடத்தியிருப்பார்கள், மூக்கில் பஞ்சு, கால் கட்டைவிரல்கள் கட்டியிருக்கும், நாங்கள் பக்கத்திலேயே விளையாடிக்கொண்டிருப்போம். ஆற்றங்கரை வரைக்கும் பின்னாலேயே ஓடுவோம். எல்லாம் கண்ணால் பார்த்தது. இப்போது எதிர்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

சாமி விஷயத்தில் மட்டும் நான் மாறவில்லை. நம்பிக்கையுள்ள வீட்டில் சாமியைச் சொல்லாமல் எப்படி?

---

வேப்பம்பூ | மார்ச் 4, காலை 10:30

ஐயா, நீங்கள் சொன்ன திண்ணை விஷயம் எனக்குத் தோன்றியதேயில்லை. சரியாகச் சொன்னீர்கள். மூக்கில் பஞ்சைப் பார்த்த பிள்ளைக்கு இனி மூச்சு இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சாமியைச் சொல்லக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். முதலில் இறந்துட்டார், உடம்பு நின்றுவிட்டது, வரமாட்டார். அது உட்கார்ந்த பிறகு, "நம்ம வீட்டுல, தாத்தா இப்ப சாமிகிட்ட இருக்கார்னு நம்புறோம்" என்று சேர்த்துக்கொள்ளலாம். அதை மட்டும் தனியாகச் சொல்வதில்தான் சிக்கல். "சாமிக்குத் தாத்தாவைப் பிடிச்சிருந்துச்சு, எடுத்துக்கிட்டார்" என்று கேட்ட ஒரு பெண், சாமிக்குப் பிடிக்காதபடி நடக்க வேண்டும் என்று பூஜை அறையில் துப்பிவிட்டு வந்தாள்.

---

பழைய பேருந்து | மார்ச் 4, காலை 10:52

வரிசை மாறினால் நம்பிக்கை பின்னால் போய்விடுகிறதே அம்மா. எனக்கு ஒப்பவில்லை. விடுங்கள், இந்தப் பெண்ணின் தூக்கம் முக்கியம்.

---

மொட்டைமாடி | மார்ச் 5, இரவு 10:15

சொல்லிவிட்டோம். நேற்று சாயங்காலம், கேட்டில் நின்ற நேரத்திலேயே. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா உன்கிட்ட தப்பாச் சொல்லிட்டேன், தாத்தா ஊருக்குப் போகலை, இறந்துட்டார்" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை, அழுதுவிட்டார். நான் தொடர்ந்தேன். வேப்பம்பூ எழுதிய வரிகளைக் காகிதத்தில் எழுதிவைத்திருந்தேன், ஆனால் பாதிதான் வாயில் வந்தது.

அவள் கேட்டது வரிசையாக:

"அப்ப மிட்டாய் யார் வாங்குவா?"

"நாளைக்கு வருவாரா?"

"இறந்துட்டா பசிக்காதா?"

பிறகு, "நான் சைக்கிள் ஓட்டட்டா?" என்று எழுந்து போய்விட்டாள். இதற்குத்தானா இவ்வளவு என்று இருந்தது. கால் மணி நேரம் கழித்து சைக்கிளிலிருந்து இறங்கி வந்து மறுபடியும், "நாளைக்கு வருவாரா?"

ராத்திரி அப்பாவின் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டாள். பதினொன்றரைக்குத் தூங்கினாள். கிள்ளவில்லை. ஆனால் தாத்தா அறைப் பக்கம் மட்டும் போகமாட்டேன் என்கிறாள், ஏன் என்றால் பதில் இல்லை.

இன்று காலையில் அடுத்தது: "தாத்தாவை எங்க வெச்சிருக்கீங்க?" நான் திணறி, அப்புறம் சொல்றேன் என்றேன்.

---

வேப்பம்பூ | மார்ச் 5, இரவு 11:00

சைக்கிள் ஓட்டப் போனது நல்ல விஷயம். இந்த வயதில் துக்கம் அப்படித்தான், சொட்டுச் சொட்டாக எடுத்துக்கொள்வார்கள். நாளைக்கு வருவாரா என்பதற்கு ஒவ்வொரு தடவையும் அதே சொற்கள்: "வரமாட்டார், இறந்துட்டார்." சலிப்பில் பதிலை மாற்றினால் ஏதோ மாறியிருக்கிறது என்று நினைப்பாள்.

எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு நாளைக்கே சொல்லிவிடுங்கள், தள்ளிப்போட்டால் பெட்டியிலேயே இருப்பதாக நினைத்துக்கொள்வாள். வரிசை முக்கியம். முதலில், இறந்த உடம்புக்கு வலிக்காது, சுடாது, குளிராது. அது அவளுக்குப் பிடிபட்டதா என்று பார்த்துவிட்டு, "தாத்தாவுக்குக் கை வலிக்குமா?" என்று நீங்களே கேளுங்கள். வலிக்காது என்று அவள் சொன்ன பிறகுதான் நெருப்பு. "உடம்பு சாம்பலாயிடுச்சு, அதைத் தண்ணியில விட்டோம்" என்பது வரைக்கும் போதும்.

அந்த அறை விஷயம் எனக்கு உறுத்துகிறது. ஒரு நல்ல நேரம் பார்த்து, "தாத்தா ஏன் இறந்தார்னு நீ நினைக்கிற?" என்று கேளுங்கள். நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாளா என்பதற்காக இல்லை. அவளிடம் வேறு ஒரு காரணம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள.

---

மொட்டைமாடி | மார்ச் 8, மதியம் 1:30

16-ஆம் நாள் நேற்று முன்தினம் முடிந்தது. உறவுக்காரர்கள் எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்தேன், இறந்துட்டார் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாதீர்கள் என்று. பாதிப் பேர் என்னைத் தலைக்கனம் பிடித்தவள் மாதிரி பார்த்தார்கள்.

நெருப்பைப் பற்றிச் சொன்னேன். "கண்ணாடியும் சாம்பலாயிடுச்சா?" என்று கேட்டாள். இல்லை, மேசை மேலே இருக்கிறது என்றேன். அது போதுமாயிருந்தது.

நேற்றுக் குளிக்க வைக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்டேன். உடனே, "இதயம் நின்னுபோச்சு" என்றாள், பாடம் ஒப்பிப்பது மாதிரி. "வேற ஏதாவது இருக்கா?" என்றேன். தண்ணீரைக் கையால் தட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள், "நான் காய் விட்டேன்ல."

தாத்தா இறப்பதற்கு முந்தைய நாள் ராத்திரி அவரிடம் கதை சொல்லச் சொல்லியிருக்கிறாள். அவர் அசதியாக இருக்கிறது, நாளைக்குச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இவள் கோபத்தில், "உன்கூட காய், பேசமாட்டேன், போ" என்று சுண்டுவிரலைக் காட்டிவிட்டு வந்துவிட்டாள். காலையில் பழம் விடத்தான் போயிருக்கிறாள். அவர் எழுந்திருக்கவில்லை. 17 நாளாக இதை வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "பழம் சொன்னேன், தாத்தா விரல் நீட்டலை."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டிக்கொண்டு அழுதேன். சரியாகச் செய்தேனா தெரியாது.

---

வேப்பம்பூ | மார்ச் 8, மாலை 3:10

அழுததில் தப்பே இல்லை. ஆனால் இதற்குப் பதிலை வாயால் சொல்லியாக வேண்டும், அழுகை மட்டும் போதாது. "காய் விட்டா யாரும் இறக்கமாட்டாங்க. கோபமாப் பேசினா, போன்னு சொன்னா, மனசுல நினைச்சாக்கூட யாரோட இதயமும் நிக்காது. நீ எங்கிட்ட எத்தனை தடவை காய் விட்டிருக்க, நான் இருக்கேன்ல?" கடைசி வாக்கியம்தான் அவளுக்குச் சாட்சி. தாத்தா விரல் நீட்டாதது கோபத்தால் இல்லை, இறந்த உடம்பு அசையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு தடவையில் தீராது. பள்ளியில் யாருடனாவது சண்டை வந்தால் அன்றைக்கு மறுபடி கிளம்பும்.

---

நாலாம் சந்து | மார்ச் 8, மாலை 4:00

நான் குழாய், கொழுப்பு என்று எழுதியதை நினைத்தால் இப்போது சிரிப்பாக வருகிறது. என் பையனிடமும் இன்றைக்குக் கேட்டுப் பார்க்கப்போகிறேன், அவன் பாட்டி விஷயத்தில்.

---

தாவணிக்கனவு | மார்ச் 8, இரவு 8:25

இதே மாதிரி என் அக்கா பெண் படுக்கை நனைப்பது இரண்டு மாதம் இருந்தது, தானாக நின்றது. ஆனால் எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்று யாராவது சொல்லுங்களேன்.

---

வேப்பம்பூ | மார்ச் 8, இரவு 9:40

சில வாரங்கள் படுக்கை நனைப்பது, ஒட்டிக்கொண்டே இருப்பது, சாவு விளையாட்டு விளையாடுவது எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. பொம்மையை ஐஸ் பெட்டியில் வைத்து மாலை போட்டால் திட்டாதீர்கள். மாதக்கணக்கில் விளையாட்டே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் மோசமாகிக்கொண்டே போகிறது, தன் தப்புதான் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள் என்றால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

"நானும் தாத்தாகிட்ட போறேன்" என்று நாலு வயது சொன்னால் பெரும்பாலும் பார்க்க ஆசை என்றுதான் அர்த்தம். பதறாமல், "பார்க்கணும்போல இருக்கா?" என்று கேளுங்கள்.

---

மொட்டைமாடி | மார்ச் 21, இரவு 10:30

ரொம்ப நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். தூக்கம் ஒன்பதரைக்கு வந்துவிட்டது. படுக்கை இன்னும் வாரத்துக்கு இரண்டு நாள் நனைகிறது. தாத்தா அறைக்குப் போய்க் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு வைக்கிறாள். காய் விஷயம் இரண்டு தடவை வந்தது, சொன்னதையே சொன்னேன்.

போன வாரம் கேட்டாள்: "நீ எப்ப இறப்ப?" எல்லாரும் இறப்பார்கள் என்று சொல்லாமல் தப்பிக்க முடியாது என்று தெரிந்தது. "அம்மா ரொம்ப ரொம்ப வயசாகி, நீ என்னைவிடப் பெரிய ஆளா ஆன பிறகுதான்னு நினைக்கிறேன்" என்றேன். நினைக்கிறேன் என்று சொன்னது சரியா? சத்தியமாக என்று சொல்லச் சொன்னாள், நான் சொல்லவில்லை. அவள் முகம் வாடிவிட்டது.

---

பழைய பேருந்து | மார்ச் 22, காலை 5:58

நான் சத்தியம் பண்ணியிருப்பேன்.

---

வேப்பம்பூ | மார்ச் 22, காலை 9:15

நான் பண்ணியிருக்கமாட்டேன். ஆனால் அதோடு நிறுத்தியிருக்கவும் மாட்டேன். அந்தக் கேள்விக்குள்ளே "அப்ப எனக்குச் சோறு யார் போடுவா" என்பதுதான் இருக்கும். அவளைப் பார்த்துக்கொள்ள அப்பா, பாட்டி, அத்தை, சித்தி என்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுங்கள்.

---

மொட்டைமாடி | மார்ச் 22, இரவு 9:50

எண்ணினோம். பதினொன்று வந்தது, எதிர்வீட்டு நாய் உட்பட.

இன்னொன்று இருக்கிறது. மாமியார் தினமும் காக்கைக்குச் சோறு வைக்கிறார், "தாத்தா வந்து சாப்பிடுறார் பாரு" என்று. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவரிடம் போய் நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை, 44 வருடம் மாமனாரோடு வாழ்ந்தவர். நேற்று மகளிடமே கேட்டேன், அந்தக் காக்கா யார் என்று. "காக்காதான். பாட்டிக்கு அது தாத்தா" என்றாள். இதை அப்படியே விட்டுவிடலாமா, திருத்தணுமா?

அப்புறம் இன்று சாயங்காலம் அப்பாவிடம் கடலை மிட்டாய் வாங்கி வரச் சொல்லி, ஒன்றைத் தாத்தா படத்துக்கு முன்னால் வைத்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இவருக்குப் பசிக்காதுல்ல" என்று எடுத்துத் தானே தின்றுவிட்டாள். படுக்கும்போது மறுபடியும், "நாளைக்கு வருவாரா?"

---

பனங்கிழங்கு | மார்ச் 22, இரவு 11:35

காகத்தை விடுங்கோ. அவளுக்கும் விளங்குது, பாட்டிக்கும் விளங்கும்.